ஜர்னல் அப்ஸ்ட்ராக்ட்டை நான்கு தலைப்பு மாநாட்டுச் சுருக்கமாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம், செவிலியம், மருந்தியல், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் தங்கள் ஆய்வை மாணவர் மாநாட்டுக்கு அனுப்பும்போது கேட்கும் கேள்விகள் இவை. பின்னணி, முறை, கண்டறிந்தவை, முடிவுரை என்ற நான்கு தலைப்புகளும் 250 சொல் வரம்பும் உள்ள படிவத்தை மனத்தில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. உங்கள் மாநாட்டின் அறிவிப்பில் வேறு வரம்பு இருந்தால் அதுவே சட்டம்.

ஜர்னலில் வந்த அப்ஸ்ட்ராக்ட்டையே நாலு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு போட்டால் போதாதா?

பெரும்பாலும் போதாது. துண்டாக்கிப் பார்த்த உடனேயே காரணம் தெரிந்துவிடும். ஒரே பத்தியாக எழுதப்பட்ட அப்ஸ்ட்ராக்ட்டில் முதல் மூன்று நான்கு வாக்கியங்கள் பின்னணிக்குப் போய்விடும். முறைக்கு ஒரு வாக்கியம் மிஞ்சும். கண்டறிந்தவை என்ற தலைப்பின் கீழ் "குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது" என்பது மட்டும் நிற்கும். பத்தியாகப் படிக்கும்போது உறுத்தாத ஓட்டை, தலைப்பு வைத்ததும் வெளிச்சத்துக்கு வரும்.

தலைப்பிட்ட சுருக்கம் என்ற வடிவமே இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது. 1987இல் மருத்துவக் கட்டுரைகளை மதிப்பிடும் ஒரு பணிக்குழு, சுருக்கத்தில் இன்னின்ன தகவல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் முன்மொழிந்தது. படிப்பவர் முழுக் கட்டுரையைத் திறக்கும் முன்பே, யாரிடம், என்ன செய்து, எவ்வளவு வித்தியாசம் கண்டார்கள் என்பதை அறிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

மாநாட்டில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். ஜர்னல் அப்ஸ்ட்ராக்ட்டுக்குப் பின்னால் முழுக் கட்டுரை இருக்கிறது. சந்தேகம் வந்தவர் அட்டவணையைப் புரட்டலாம். மாநாட்டு ரிவ்யூவருக்கு உங்கள் 250 சொல்லைத் தவிர வேறு எதுவும் கிடையாது. எனவே மூலப்பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டுரையின் முறைப் பகுதியையும் அட்டவணைகளையும். பழைய அப்ஸ்ட்ராக்ட்டை ஓரமாக வைத்துவிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியான அப்ஸ்ட்ராக்ட்டே தவறாக இருக்கலாம். 1999இல் ஜாமா இதழில் வந்த ஓர் ஆய்வு, பெரிய மருத்துவ இதழ்களின் அப்ஸ்ட்ராக்ட்டுகளைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டது. கட்டுரையோடு ஒத்துப்போகாத அல்லது கட்டுரையிலேயே இல்லாத தகவல் கொண்ட அப்ஸ்ட்ராக்ட்டுகள், இதழுக்கு இதழ் 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன. அந்தத் தவறை அப்படியே நகலெடுத்து மாநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எங்கள் கட்டுரை ஏற்கெனவே வெளியாகிவிட்டது. அதை மாநாட்டுக்கு அனுப்பலாமா?

மாநாட்டைப் பொறுத்தது. மாநாட்டில் சொன்னதைப் பிறகு ஜர்னலில் வெளியிடுவதில் சிக்கலில்லை. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு அதை இரட்டை வெளியீடாகக் கருதுவதில்லை. நீங்கள் போவது எதிர்த்திசையில். சில மாநாடுகள் வெளியான ஆய்வை ஏற்கும், சில ஏற்காது, சில போஸ்டருக்கு மட்டும் ஏற்கும். அறிவிப்பில் தெளிவில்லை என்றால் அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள்.

ஏற்பார்கள் என்றால், வெளியான விவரத்தைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். கட்டுரையில் பெயருள்ள எல்லா ஆசிரியர்களின் சம்மதமும் வேண்டும். மாணவர் பெயரை முன்னால் நகர்த்துவதாக இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான். பழைய வாக்கியங்களை அப்படியே ஒட்டினால் பதிப்பாளரின் உரிமைச் சிக்கல் ஒரு பக்கம். நகல் சோதிக்கும் மென்பொருளில் உங்கள் கட்டுரையோடு நீங்களே மாட்டிக்கொள்வது மறுபக்கம்.

பிறருடைய கட்டுரையைச் சுருக்கி உங்கள் ஆய்வாக அனுப்புவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜர்னல் கிளப், கட்டுரைத் திறனாய்வு என்று தனிப் பிரிவு இருந்தால் அங்கே அனுப்பலாம். அப்போதும் இது யாருடைய ஆய்வு என்பது முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும்.

பின்னணிதான் முதலில் வருகிறது. அதிலிருந்தே எழுதத் தொடங்கலாமா?

பின்னணியில் தொடங்குகிறவர்கள் அங்கேயே 100 சொல்லைச் செலவழித்துவிடுவார்கள். கண்டறிந்தவையில் தொடங்குங்கள்.

கட்டுரையின் அட்டவணைகளைத் திறந்து, ஆய்வின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஒரே ஒரு எண் ஜோடியைத் தேடுங்கள்: இந்தக் குழுவில் இவ்வளவு, அந்தக் குழுவில் இவ்வளவு. அதை முதலில் எழுதுங்கள். அடுத்து, அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதற்குத் தேவையானதை மட்டும் முறையில் எழுதுங்கள். மூன்றாவதாக, அந்த எண் எதைச் சொல்ல அனுமதிக்கிறதோ அதுவே முடிவுரை. கடைசியாகப் பின்னணி. அதற்குள் என்ன கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பது உங்களுக்கே தெளிவாகியிருக்கும் என்பதால் மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடும்.

250 சொல்லில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்குவது?

பின்னணிக்கு 40 முதல் 50, முறைக்கு 70 முதல் 80, கண்டறிந்தவைக்கு 90 முதல் 100, முடிவுரைக்கு 30 முதல் 40. இது எங்கும் எழுதப்பட்ட விதியில்லை, நடைமுறைக் கணக்கு. ஒரு பகுதி பத்துச் சொல் கூடினால் குடி முழுகிப் போகாது. ஆனால் கண்டறிந்தவையைவிடப் பின்னணி நீளமாக இருந்தால், சொல்ல எதுவும் இல்லாததால் இழுத்திருக்கிறார்கள் என்றே ரிவ்யூவர் நினைப்பார்.

தலைப்பு, ஆசிரியர் பெயர்கள், திறவுச்சொற்கள் வரம்புக்குள் சேருமா என்பதை அறிவிப்பில் பாருங்கள். நான்கு உட்தலைப்புச் சொற்களைச் சேர்த்து எண்ணும் படிவங்களும் உண்டு.

முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது என்று ஒரு உண்மையான ஆய்வை வைத்துக் காட்ட முடியுமா?

காட்டலாம். எல்லாரும் பாடத்தில் கேள்விப்பட்ட ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தி, 1948 அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. தலைப்பிட்ட சுருக்கம் புழக்கத்துக்கு வர இன்னும் நாற்பது ஆண்டு இருந்த காலம் அது.

முதலில், பழைய பாணிப் பத்தி. இது அந்தக் கட்டுரையிலிருந்து எடுத்ததல்ல. மாணவர்கள் கையில் வழக்கமாக இருக்கும் வகைப் பத்தியை அந்த ஆய்வுக்குப் பொருத்தி எழுதியிருக்கிறோம்.

> காசநோய் உலகெங்கும் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தும் நோயாகும். அண்மையில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் குறித்து நம்பிக்கையூட்டும் தகவல்கள் வந்துள்ளன. இக்கட்டுரை, பல மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வை விவரிக்கிறது. இளவயது நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்கு மருந்தும் ஓய்வும், மற்ற குழுவுக்கு ஓய்வு மட்டும் அளிக்கப்பட்டன. மருந்து பெற்ற குழுவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. மருந்து எதிர்ப்பின் முக்கியத்துவமும் விவாதிக்கப்படுகிறது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை பேர், எப்படிப் பிரித்தார்கள், என்ன அளவு மருந்து, எதை வைத்து முன்னேற்றம் என்றார்கள், எவ்வளவு முன்னேற்றம் ஆகிய ஐந்தில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. இவற்றைக் கட்டுரையின் உடலிலிருந்து எடுத்தால்தான் நான்கு தலைப்பும் நிரம்பும்.

> பின்னணி: கடுமையாகப் பரவும் நுரையீரல் காசநோய் சிலருக்குத் தானாகவே தணியக்கூடும். ஆகவே ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ஸ்ட்ரெப்டோமைசினின் பலனை அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. படுக்கை ஓய்வுடன் இம்மருந்தைச் சேர்ப்பது, ஓய்வு மட்டும் அளிப்பதைவிட 6 மாதத்தில் எக்ஸ்ரே நிலையை மேம்படுத்தி இறப்பைக் குறைக்கிறதா என ஆராயப்பட்டது.
>
> முறை: பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் 1947இல் தொடங்கிய சமவாய்ப்பு ஒப்பீட்டு ஆய்வு. இரு நுரையீரலிலும் அண்மையில் தோன்றிக் கடுமையாகப் பரவும், கிருமிச் சோதனையில் உறுதியான, நுரையீரலைச் சுருக்கும் சிகிச்சைக்கு ஏற்றதல்லாத காசநோய் கொண்ட 15 முதல் 30 வயதினர் சேர்க்கப்பட்டனர். சமவாய்ப்பு எண்களின்படி, மூடிய உறைகள் வழியே குழு ஒதுக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் ஸ்ட்ரெப்டோமைசின், 6 மணிக்கொரு ஊசியாக, 4 மாதம் ஓய்வுடன் தரப்பட்டது. மற்ற குழுவுக்கு ஓய்வு மட்டும். நோயாளி எந்தக் குழு என்றறியாதவர்கள் எக்ஸ்ரேக்களை மதிப்பிட்டனர்.
>
> கண்டறிந்தவை: 107 பேர் பகுப்பாய்வில் இடம்பெற்றனர் (மருந்து 55, ஓய்வு மட்டும் 52). 6 மாத முடிவில் எக்ஸ்ரேயில் கணிசமான முன்னேற்றம் மருந்துக் குழுவில் 28 பேரிடமும் (51%), ஓய்வுக் குழுவில் 4 பேரிடமும் (8%) காணப்பட்டது. இறந்தோர் முறையே 4 (7%), 14 (27%), வித்தியாசம் 19.7 விழுக்காட்டுப் புள்ளி (95% நம்பக இடைவெளி 5.8 முதல் 33.5). ஓராண்டு முடிவில் இறந்தோர் 12 (22%), 24 (46%). சிகிச்சையின்போது மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமிகள் தோன்றின.
>
> முடிவுரை: இவ்வகை நோயாளிகளில் ஸ்ட்ரெப்டோமைசின் முதல் 6 மாதத்தில் எக்ஸ்ரே நிலையை மேம்படுத்தி இறப்பைக் குறைத்தது. மருந்து எதிர்ப்பு தோன்றுவதால், தனி மருந்தாக நீண்டகாலப் பலன் எவ்வளவு என்பதை மேலும் ஆராய வேண்டும்.

காசநோய் உலகெங்கும் கொல்கிறது என்ற முதல் வாக்கியம் பின்னணியிலிருந்து போய்விட்டது. மாநாட்டுக்கு வருகிறவருக்கு அது தெரியும். அதற்குப் பதிலாக வந்திருப்பது, ஏன் ஒப்பீட்டுக் குழு தேவைப்பட்டது என்ற காரணம். ஆய்வு நடந்ததற்கான நியாயம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: நம்பக இடைவெளி, அதாவது உண்மை வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற கணிப்பு, 1948 கட்டுரையிலிருந்து வந்ததல்ல. அதன் எண்ணிக்கையிலிருந்து நாம் கணக்கிட்டது. உங்கள் சொந்தத் தரவாக இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். பிறர் கட்டுரையின் திறனாய்வு என்றால் "எண்ணிக்கையிலிருந்து கணக்கிடப்பட்டது" என்று சொல்லிவிட வேண்டும்.

எல்லாரும் p மதிப்பைத்தான் போடுகிறார்கள். அது மட்டும் போதாதா?

p மதிப்பு, உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்வியோடு நின்றுவிடும். வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது. "இறப்பு கணிசமாகக் குறைந்தது (p < 0.05)" என்று எழுதினால் 27இலிருந்து 7க்குக் குறைந்ததா, 27இலிருந்து 25க்குக் குறைந்ததா என்று தெரியாது. ஆள் எண்ணிக்கை பல ஆயிரமாக இருந்தால் இரண்டாவதற்கும் அதே p மதிப்பு கிடைக்கும்.

இரு குழுவின் எண்ணிக்கையும் விழுக்காடும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதன் 95% நம்பக இடைவெளி என்ற மூன்றும் இருந்தால் p இல்லாமலேகூடக் கதை முழுமையாகிவிடும். கட்டுரையில் நம்பக இடைவெளி இல்லையென்றால், இரண்டு விழுக்காடுகளின் வித்தியாசத்துக்குக் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். இங்கே p1, p2 என்பவை ஓய்வுக் குழுவிலும் மருந்துக் குழுவிலும் இறந்தோரின் விகிதங்கள், p மதிப்பு அல்ல; SE என்பது வித்தியாசத்தின் திட்டப் பிழை:

```
p1 = 14/52 = 0.2692
p2 = 4/55  = 0.0727
p1 - p2    = 0.1965
SE = sqrt(p1*(1-p1)/52 + p2*(1-p2)/55) = 0.0708
0.1965 - 1.96*SE = 0.058
0.1965 + 1.96*SE = 0.335
```

இந்தச் சூத்திரம் தோராயமானது. ஒரு குழுவில் நிகழ்வு பூச்சியமாகவோ ஒன்றிரண்டாகவோ இருந்தால் இது ஏமாற்றும். அப்போது புள்ளியியல் ஆசிரியரிடம் கேட்டு வேறு முறையில் கணக்கிடுங்கள். ஒரே ஆளை முன்னும் பின்னும் அளந்த ஆய்வுக்கும் இது பொருந்தாது, ஏனென்றால் அங்கே இருப்பது தனித்தனி இரு குழு அல்ல.

p மதிப்பைப் போடுவதானால் சரியான எண்ணைப் போடுங்கள்: p = 0.03 என்பது போல. மென்பொருள் 0.000 என்று காட்டினால் p < 0.001 என்று எழுத வேண்டும். 0.000 என்று அப்படியே எழுதியிருப்பதைப் பார்த்தால், திரையில் கண்டதை யோசிக்காமல் ஒட்டியிருக்கிறார்கள் என்று ரிவ்யூவருக்கு உடனே தெரிந்துவிடும்.

முறைப் பகுதியில் எதை விடலாம், எதை விடக்கூடாது?

ஆய்வின் வகை, யாரைச் சேர்த்தீர்கள், எத்தனை பேர், குழு எப்படிப் பிரிந்தது, என்ன செய்தீர்கள், முதன்மையாக எதை எப்போது அளந்தீர்கள். இவற்றில் எது விடுபட்டாலும் கண்டறிந்தவைக்கு அர்த்தம் குறையும். சமவாய்ப்பு ஆய்வுகளின் சுருக்கத்துக்கு 2008இல் வந்த கன்சார்ட் பட்டியல் இதைத்தான் இன்னும் விரிவாகக் கேட்கிறது. பதிவெண்ணையும் நிதி உதவியையும் அது சேர்த்துக் கேட்கிறது.

மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் வேண்டாம். வழக்கமான சோதனைகளின் பெயர்களும் பெரும்பாலும் வேண்டாம். நெறிமுறைக் குழு ஒப்புதலுக்குப் படிவத்தில் தனிப்பெட்டி இருந்தால் அங்கே எழுதுங்கள். இல்லையென்றால் முறையின் கடைசியில் நான்கைந்து சொல் போதும்.

மாணவர் ஆய்வுகளில் அதிகம் விடுபடுவது, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. "150 கல்லூரி மாணவர்களிடம் ஆய்வு நடத்தப்பட்டது" என்றால் வகுப்புத் தோழர்களிடம் கூகுள் படிவம் அனுப்பினீர்களா, பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கினீர்களா? கிடைத்தவரிடம் கேட்டது என்றால் அப்படியே எழுதுங்கள். அதற்காக ஒதுக்க மாட்டார்கள். மறைத்துவிட்டு முடிவுரையில் "கல்லூரி மாணவர்கள் அனைவரும்" என்று எழுதினால்தான் ஒதுக்குவார்கள்.

கட்டுரையில் 109 என்றும் 107 என்றும் இருக்கிறது. எந்த எண்ணைப் போடுவது?

ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்விலேயே இது இருக்கிறது. ஏற்கப்பட்டவர்கள் 109 பேர். தொடக்கக் கண்காணிப்பு வாரத்திலேயே இருவர் இறந்துவிட்டதால் பகுப்பாய்வில் 107. விழுக்காட்டின் வகுஎண் எதுவோ அதையே கண்டறிந்தவையில் போட வேண்டும். இடம் இருந்தால் விடுபட்டவர்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் ஒரு தொடரில் சேர்க்கலாம்.

இடையில் விலகியவர்கள் பலர் என்றால் இடம் இருக்கிறதா என்ற பேச்சே இல்லை, சேர்த்தாக வேண்டும். 120 பேரில் தொடங்கி 78 பேரை மட்டும் பகுப்பாய்ந்துவிட்டு 78 என்று மட்டும் எழுதினால், மற்ற 42 பேர் எங்கே போனார்கள் என்று மேடையில் கேட்பார்கள்.

முடிவுரையில் எவ்வளவு தூரம் போகலாம்?

கண்டறிந்தவையில் உள்ள எண் தாங்கும் தூரம் வரை. மேலே உள்ள மாதிரியில் "முதல் 6 மாதத்தில்" என்று காலத்தைக் கட்டியிருப்பதைப் பாருங்கள். அதை எடுத்துவிட்டு "ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயால் ஏற்படும் இறப்பைக் குறைக்கிறது" என்று எழுதினால் என்ன தவறு?

ஓராண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள். மருந்துக் குழுவில் 6 மாதம் வரை 4 இறப்பு, ஓராண்டில் 12. அதாவது இரண்டாவது அரையாண்டில் 8. ஓய்வுக் குழுவில் 14இலிருந்து 24, அதாவது 10. முதல் பாதியில் 4க்கு 14 என்றிருந்த இடைவெளி இரண்டாம் பாதியில் 8க்கு 10 என்று சுருங்கிவிட்டது. அரையாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்களின் விழுக்காடாகப் பார்த்தால் 51இல் 8 (16%), 38இல் 10 (26%). பலன் முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் தொடக்கத்தில் இருந்த வேகம் இல்லை. தனி மருந்தாகக் கொடுத்ததில் கிருமி எதிர்ப்புப் பெற்றது இதற்குக் காரணமாகப் பார்க்கப்பட்டது. பிறகு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சைக்கு வழி பிறந்ததும் அதனால்தான். கால வரம்பு இல்லாத முடிவுரை இதையெல்லாம் மூடி மறைத்திருக்கும்.

ஆய்வின் வகையும் முடிவுரையைக் கட்டும். ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் "தொடர்பு காணப்பட்டது" என்று சொல்லலாம், "காரணமாகிறது" என்று சொல்ல முடியாது. தூக்கம் குறைந்த மாணவர்களுக்கு மதிப்பெண் குறைவு என்றால், தூக்கம் கெட்டதால் மதிப்பெண் குறைந்ததா, மதிப்பெண் பயத்தில் தூக்கம் கெட்டதா என்று அந்தத் தரவு சொல்லாது.

கண்டறிந்தவையில் இல்லாத எதுவும் முடிவுரையில் புதிதாக முளைக்கக் கூடாது. மாதிரியில் மருந்து எதிர்ப்பு பற்றிய வாக்கியம் கண்டறிந்தவையின் கடைசியில் இருப்பதே முடிவுரையில் அதைப் பேச வேண்டும் என்பதால்தான். அங்கே எண் இல்லாமல் நிற்பது அதன் குறை. இடம் கிடைத்தால் முதலில் அந்த எண்ணைத்தான் சேர்க்க வேண்டும்.

எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. அதை அனுப்பலாமா, எப்படி எழுதுவது?

அனுப்பலாம். முதன்மைக் கேள்விக்கான எண்ணை முதலில், நம்பக இடைவெளியோடு எழுதுங்கள். துணைக் கேள்விகளில் ஒன்று தற்செயலாக p < 0.05 காட்டியது என்பதற்காக அதை முன்னால் இழுத்துவந்து, முதன்மைக் கேள்வியைக் கண்ணில் படாமல் வைப்பது மோசமான தந்திரம். தேர்ந்த ரிவ்யூவர் முறைப் பகுதியில் உள்ள முதன்மை அளவீட்டைக் கண்டறிந்தவையில் தேடித்தான் படிப்பார். "வித்தியாசம் இல்லை" என்பதற்கும் "வித்தியாசம் இருக்கிறதா என்று சொல்ல ஆள் போதவில்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் நம்பக இடைவெளியின் அகலம் காட்டிவிடும். அகலமாக இருந்தால் இரண்டாவதைத்தான் எழுத வேண்டும்.

எங்கள் ஆய்வில் எண்ணே இல்லை, நேர்காணல்தான். நான்கு தலைப்பு எப்படிப் பொருந்தும்?

பொருந்தும். முறையில் எத்தனை பேரிடம், எப்படித் தேர்ந்தெடுத்து, எவ்வளவு நேரம் பேசினீர்கள், எழுத்தாக்கி எப்படிப் பகுத்தீர்கள் என்று எழுதுங்கள். கண்டறிந்தவையில் கருப்பொருள்களின் பெயர்களை மட்டும் அடுக்காமல், ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். "பொருளாதாரத் தடை" என்பது பெயர். "பேருந்துக் கட்டணத்தைவிட அன்றைய கூலி போவதே மருத்துவமனைக்கு வராததற்குக் காரணம் என்றனர்" என்பதுதான் கண்டறிந்தது. 12 பேரிடம் பேசிவிட்டு 75% என்று எழுத வேண்டாம்.

தனி நோயாளி அறிக்கைக்குப் பல மாநாடுகள் பின்னணி, நோயாளி விவரம், முடிவுரை என்று மூன்று தலைப்பே கேட்கும். அதை நான்காக இழுக்க வேண்டியதில்லை. பெயர், மருத்துவமனை எண், சரியான தேதி எதுவும் வரக்கூடாது. அரிய நோயென்றால் ஊர்ப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

290 சொல் வந்துவிட்டது. எதை வெட்டுவது?

முதலில் பின்னணியின் முதல் வாக்கியத்தை வெட்டுங்கள். பத்தில் ஒன்பது முறை அது இல்லாமலே சுருக்கம் நிற்கும். அடுத்து முடிவுரையின் கடைசியில் இருக்கும் "மேலும் ஆய்வுகள் தேவை". என்ன ஆய்வு என்று சொல்லாவிட்டால் அது வெறும் இடம் நிரப்பி. பிறகு ஒரே தகவல் முறையிலும் கண்டறிந்தவையிலும் இருமுறை வருகிறதா பாருங்கள். ஆள் எண்ணிக்கை இப்படி அடிக்கடி இரட்டிக்கும்.

"இந்த ஆய்வின் முடிவுகளிலிருந்து தெரியவருவது என்னவென்றால்" போன்ற தொடக்கங்களை நீக்கினாலே பதினைந்து இருபது சொல் மிச்சமாகும். அப்போதும் கூடுதலாக இருந்தால் துணை அளவீடுகளில் ஒன்றைக் கழியுங்கள். வகுஎண்ணையும் நம்பக இடைவெளியையும் தொடாதீர்கள்.

தமிழில் எழுதி ஆன்லைன் படிவத்தில் ஒட்டினால் எழுத்து எண்ணிக்கை ஏன் எகிறுகிறது?

பெரும்பாலான படிவங்கள் யூனிகோடு குறியீடுகளை எண்ணுகின்றன. நமக்கு "முடிவு" மூன்று எழுத்து. படிவத்துக்கு ம, உகரக் குறி, ட, இகரக் குறி, வ, உகரக் குறி என்று ஆறு. புள்ளி வைத்த ஒவ்வொரு மெய்யும் இரண்டு. எனவே 2000 எழுத்து வரம்பு என்றால், நீங்கள் கண்ணால் எண்ணுவதைவிட வெகு முன்பே முடிந்துவிடும். சொல் வரம்பில் இதற்கு நேர்மாறு: தமிழில் வேற்றுமை உருபும் ஒட்டும் சேர்ந்து ஒரே சொல்லாவதால், அதே செய்தி ஆங்கிலத்தைவிடக் குறைந்த சொல்லில் அடங்கும். தமிழில் 180 சொல்லாக இருந்ததை ஆங்கிலப் படிவத்துக்காக எழுதும்போது 250ஐத் தாண்டலாம். எந்த மொழியில் அனுப்புகிறீர்களோ அந்த மொழியிலேயே கடைசி எண்ணிக்கையைப் பாருங்கள்.

கூட்டல்-கழித்தல் குறியும் சமமோ-குறைவோ குறியும் ஒட்டும்போது கேள்விக்குறியாக மாறுவது உண்டு. சமர்ப்பித்த பிறகு வரும் முன்னோட்டப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டியது இதற்காகத்தான். "முதல்" என்று சொல்லால் எழுதினால் (5.8 முதல் 33.5) இந்தத் தொல்லையே இல்லை.

அனுப்பும் முன் கடைசியாக என்ன சரிபார்க்க வேண்டும்?

சுருக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு எண்ணையும் வட்டமிட்டு, அது கட்டுரையின் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். குறிக்க முடியாத எண் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை அனுப்பாதீர்கள். பிறகு விழுக்காடுகளை மறுபடி வகுத்துப் பாருங்கள்: 4ஐ 55ஆல், 14ஐ 52ஆல். குழுக்களைக் கூட்டுங்கள்: 55உம் 52உம் 107 வருகிறதா? மாதிரியில் குழுக்களின் விழுக்காடுகள் எல்லாம் முழு எண். உங்களுடையதில் ஓரிடத்தில் 7.3 என்றும் இன்னோரிடத்தில் 27 என்றும் இருந்தால் ஒரே சீராக்குங்கள்.

அடுத்து ஆய்வு தெரியாத ஒரு நண்பரிடம் முறையையும் கண்டறிந்தவையையும் மட்டும் கொடுத்து, முடிவுரையை அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வது நீங்கள் எழுதியதைவிட அடக்கமாக இருந்தால் உங்கள் முடிவுரையைத் திருத்துங்கள்.

பெயர் தெரியாமல் மதிப்பிடும் மாநாடு என்றால் சுருக்கத்தின் உள்ளே கல்லூரியின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ இருக்கக் கூடாது. "தென்னிந்தியாவில் உள்ள ஒரு மூன்றாம் நிலை மருத்துவமனை" என்று மாற்றுங்கள். கோப்பாகப் பதிவேற்றச் சொன்னால், வேர்ட் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் ஒட்டியிருக்கும். அதையும் நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள்.